பேனர் பிரின்ட்டுக்குப் போகும் முன்: சாட்டுக்குள் வரையும் படமா, தனிப் பட டூலா?

சாட்ஜிபிடியைத் திறந்து ‘கோயில் தெருவில் ஒரு டிஃபன் கடை, வாசலில் வாழையிலை, காலை வெளிச்சம்’ என்று தமிழிலேயே டைப் செய்தால் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடுகிறது. ஜெமினியிலும் அப்படித்தான். அப்புறம் எதற்கு மிட்ஜர்னி, அடோபி ஃபயர்ஃப்ளை, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று தனித்தனி டூல்கள்? மாதச் சந்தா கட்டி அதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமா?

போனில் பார்த்து ரசிக்கவும் ஸ்டேட்டஸ் வைக்கவும் மட்டும்தான் படம் என்றால், வேண்டாம். சாட்டே போதும். ஆனால் அந்தப் படம் ஃப்ளெக்ஸாக மாறி ரோட்டோரம் நிற்கப் போகிறது, அதில் தமிழில் எழுத்து வரப் போகிறது என்றால் கதை வேறு. இரண்டு வகை டூலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளியே தெரியும்.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கும் சிறுவாச்சூரை எடுத்துக்கொள்வோம். மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக்கிழமைகளில் நடை திறக்கும் ஊர். அந்த இரண்டு நாளும்தான் கூட்டம், அந்த இரண்டு நாளும்தான் வியாபாரம். அங்கே ஒருவர் புதிதாக டிஃபன் கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரும் வெள்ளிக்கிழமை திறப்பு. 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ் ஒன்று வேண்டும். இட்லி, பொங்கல் படம், கடைப் பெயர், ஊர்ப் பெயர், திறப்பு நாள். அவ்வளவுதான் தேவை.

உள்ளே என்ன நடக்கிறது?

2023 அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள் படம் வரையும் வசதி வந்தபோது, நிஜத்தில் வரைந்தது சாட் இல்லை. நாம் சொன்னதை அது ஒரு நீளமான ஆங்கில வர்ணனையாக மாற்றி, டால்-ஈ 3 என்ற தனி மாடலிடம் கொடுத்துவிடும். வரும் படத்தை நம்மிடம் காட்டும். கிட்டத்தட்ட இடைத்தரகர் வேலை.

2025 மார்ச் 25 அன்று இது மாறியது. பேசுகிற மாடலே படத்தையும் உருவாக்கத் தொடங்கியது. ஊரே தன் குடும்பப் போட்டோவை கிப்லி ஸ்டைலுக்கு மாற்றிக்கொண்டிருந்த அந்த வாரம் நினைவிருக்கும். கூட்டம் தாங்காமல் ‘எங்கள் ஜிபியூக்கள் உருகுகின்றன’ என்ற பொருளில் சாம் ஆல்ட்மன் பதிவு போட்டு, தற்காலிகமாகக் கட்டுப்பாடும் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் ‘நானோ பனானா’ என்ற செல்லப்பெயரோடு ஜெமினியில் புதிய பட மாடலைக் கொண்டுவந்தது.

இந்த மாற்றத்தால் கிடைத்த லாபம், சாட் நம் பேச்சு முழுவதையும் கவனத்தில் வைத்துக்கொண்டு வரைகிறது என்பதுதான். ‘இது காலை நேரக் கடை, மசால் தோசை வேண்டாம், முன்னே அனுப்பிய கடை வாசல் போட்டோவைப் பின்னணியாக வை’ என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னாலும் புரிந்துகொள்ளும். மிட்ஜர்னி போன்ற தனி டூலில் பேச்சைவிடக் கட்டளைதான் பிரதானம். அதுவும் ஆங்கிலத்தில் கொடுத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம் டிஃபன் கடைக்கு அங்கே இப்படி எழுத வேண்டியிருக்கும்:

```
small tiffin shop front, idli and pongal on banana leaf,
morning light, empty space on left
--ar 3:2 --seed 4521 --no text
```

பார்க்கக் கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி வரியில் இருக்கும் மூன்றும் மூன்று பிடிமானங்கள். `--ar` படத்தின் நீள அகல விகிதம். 6-க்கு 4 அடி என்பது 3:2 தானே, அதனால் அந்த எண். `--seed` என்பது படம் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பூட்டி வைக்கும் எண். ஒரு சொல்லை மட்டும் மாற்றி, அதே எண்ணோடு மறுபடி ஓட்டினால் பழைய படத்துக்கு நெருக்கமான ஒன்று கிடைக்கும். `--no` என்றால் இது வரக் கூடாது என்று அர்த்தம். இங்கே எழுத்து எதுவும் வரக் கூடாது என்கிறோம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருவோம்.

சுருக்கமாகச் சொன்னால், சாட்டில் நாம் விருப்பத்தைச் சொல்கிறோம். தனி டூலில் அளவைச் சொல்கிறோம்.

‘அதை மட்டும் மாத்து’ என்றால்?

சாட்டில் முதல் படம் வந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் சட்னிக் கிண்ணம் எவர்சில்வரில் இல்லை, பீங்கானில் இருக்கிறது. ‘கிண்ணத்தை மட்டும் எவர்சில்வரா மாத்து’ என்று சொல்கிறோம். கிண்ணம் மாறுகிறது. கூடவே இட்லியின் எண்ணிக்கை மாறியிருக்கும், வாழையிலையின் மடிப்பு வேறு பக்கம் போயிருக்கும், பின்னால் நிற்பவரின் முகம் இன்னொருவர் முகமாகியிருக்கும்.

இது நாம் சரியாகச் சொல்லாததால் நடப்பதில்லை. சாட்டுக்குள் இருக்கும் மாடல் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டு புதுப் படத்தை முதலிலிருந்து வரைகிறது. கிண்ணம் இருந்த இடத்தை மட்டும் அழித்துத் திருத்துவதில்லை. ஒரு இடத்தைத் தடவித் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தாலும், அது ‘இந்தப் பக்கம் பார்’ என்ற சைகைதானே தவிர வேலி இல்லை. குறிப்பிட்ட பகுதியைத் திருத்தச் சொன்னால் மற்ற பகுதிகளும் மாறக்கூடும் என்பதை ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 மார்ச் அறிவிப்பில் குறைபாடுகளின் பட்டியலில் சொல்லியிருந்தது.

இதையே ஐந்தாறு முறை செய்தால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். 2025-இல் பலரும் கவனித்த ஒன்று, திருத்தத் திருத்தப் படத்தில் மஞ்சள் சாயம் ஏறியது. எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கேலரியில் அடுத்தடுத்து வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். வெள்ளை இட்லி இன்னும் வெள்ளையாக இருக்கிறதா, முகம் அதே முகமா என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். கெட்டுப்போயிருந்தால் ஆறாவது படத்தைச் சரிசெய்யப் போராட வேண்டாம். புதிய சாட் திறந்து, முதல் படத்தை அதில் போட்டு, எல்லாத் திருத்தத்தையும் ஒரே செய்தியில் சொல்லுங்கள்.

தனி டூல்களில் இதற்கு வேறு வழி. ஃபோட்டோஷாப்பில் ஃபயர்ஃப்ளையோடு வரும் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ வசதியில் கிண்ணத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் புது ஓவியம். வெளியே ஒரு புள்ளிகூட அசையாது. புதிதாக வந்தது தனி லேயராக உட்காரும், பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் நீக்கிவிடலாம். வாடிக்கையாளர் நான்கு முறை ‘அதை மாத்துங்க’ என்று சொல்லும் வேலை என்றால் இது ஒன்றே தனி டூலுக்குப் போகப் போதுமான காரணம்.

தமிழ் எழுத்தில் ஏன் தடுக்கி விழுகிறது?

நம்மைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி இதுதான். ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் எதிலும் இது வராது. அங்கே ‘சாட்டுக்குள் வரும் படத்தில் எழுத்து அழகாக வருகிறது’ என்று முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு அது உண்மையும்கூட.

தமிழில் ‘சிறுவாச்சூர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சி, று, வா, ச், சூ, ர் என்று ஆறு எழுத்துகள். ‘ச்’ மேலே உள்ள புள்ளி விழுந்தால் தப்பு. ‘சூ’வின் சுழி ஒரு வளைவு குறைந்தால் ‘சு’. ‘று’வின் வால் கொஞ்சம் வேறு பக்கம் வளைந்தால் ‘ரு’ போலாகிவிடும். உகரம் தமிழில் ஒரே குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். கு, சு, து, பு, று என்று எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம். ‘பொங்கல்’ என்று எழுத ‘ப’வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டும் வேண்டும்.

படம் வரையும் மாடலுக்கு இந்த விதிகள் தெரியாது. அது எழுத்தை எழுதுவதில்லை, எழுத்து மாதிரி ஒன்றை வரைகிறது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் ஆங்கிலப் பலகைகள் கொட்டிக் கிடந்தன. தமிழ்ப் பலகைகள் கொஞ்சம்தான். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ், கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை என்ற நிலை. இலத்தீன் அல்லாத எழுத்துகளில் தடுமாறும், இல்லாத எழுத்தை வரைந்துவிடும் என்பதும் அதே 2025 மார்ச் குறைபாட்டுப் பட்டியலில் இருந்தது.

புதிது புதிதாக வரும் மாடல்களில் இது மேம்பட்டு வருகிறது என்பது உண்மை. ஆனால் அதில்தான் ஆபத்தும் கூடுகிறது. முன்பெல்லாம் எழுத்து முழுசாக அலங்கோலமாக வரும், யாருக்கும் உடனே தெரிந்துவிடும். இப்போது ஐந்து சொல் சரியாக வந்து ஆறாவதில் ஒரு புள்ளி மட்டும் காணாமல் போகும். போனில் சின்னதாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. 6 அடியில் பிரின்ட் ஆகி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது படும்.

தனி டூலுக்குப் போனால் தீருமா? இந்த விஷயத்தில் தீராது. மிட்ஜர்னிக்கும் தமிழ் எழுத்து வராது. எந்த டூலாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: படத்தை ஏஐ வரையட்டும், எழுத்தை ஃபான்ட் எழுதட்டும். அதனால்தான் மேலே `--no text`. சாட்டில் என்றால் ‘படத்தில் எந்த எழுத்தும் வேண்டாம், இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலியாக இரு’ என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காலி இடத்தில் எழுத்தை கேன்வாவிலோ ஃபோட்டோஷாப்பிலோ போட்டுக்கொள்ளலாம். முக்த மலர், பலூ தம்பி, கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன.

இங்கேயும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டெக்ஸ்ட் அமைப்பு `World-Ready Layout` என்று இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘பொங்கல்’ உடைந்து வரும். இரண்டாவது, ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யுனிகோட் எழுத்தை அப்படியே ஒட்டினால் அந்த ஃபான்ட்டில் ஓடாது, கன்வர்ட் செய்ய வேண்டும், அல்லது டிசைனர் திரும்ப டைப் அடிக்க வேண்டும். திரும்ப டைப் அடித்தால் பிழைக்கு இன்னொரு வாய்ப்பு. ஆகவே கடைசி ப்ரூஃபை நீங்களே ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.

அம்மன் படம் வேண்டும் என்றால்?

சிறுவாச்சூரில் கடை பேனர் என்றால் மேலே ஒரு ஓரத்தில் மதுரகாளியம்மன் படம் இல்லாமல் இருக்காது. இதை ஏஐ-யிடம் கேட்காதீர்கள். எந்த டூலிடமும்தான். பெயரைச் சொன்னால் அது இணையத்தில் அதிகம் புழங்கும் ஏதோ ஒரு காளி உருவத்தை வரையும். கை எத்தனை, எந்தக் கையில் என்ன, எப்படி அமர்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மாறும். வாரம் இரண்டு நாள் நேரில் போய்க் கும்பிடுகிறவர்கள் பார்த்ததுமே ‘இது நம்ம அம்மன் இல்லையே’ என்பார்கள். ஏற்கெனவே காலண்டரிலும் படங்களிலும் வழக்கத்தில் உள்ள உருவத்தைத் தனியாக வைத்து ஒட்டுவதே சரி.

இட்லி, பொங்கல் படத்துக்கும் இதே யோசனை பொருந்தும். பேனரில் பளபளப்பது நம் அடுப்பில் வெந்த இட்லி இல்லை என்றால், வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியும். போனில் எடுத்த உண்மையான தட்டுப் போட்டோவைக் கொடுத்து, பின்னணியை மட்டும் மாற்றச் சொல்வது நேர்மையான வழி. அப்போது தட்டு மாறாமல் பின்னணி மட்டும் மாற வேண்டுமே? மறுபடியும் அந்தக் கோடு போடும் வசதியிடம்தான் வந்து நிற்கிறோம். சாட் தட்டையும் சேர்த்தே வரைந்துவிடும்.

6 அடிக்கு இழுத்தால் என்ன ஆகும்?

கணக்கு எளிது. சாட்ஜிபிடியின் 2025 பட மாடல் கொடுக்கும் அகலப் படத்தின் அளவு 1536-க்கு 1024 புள்ளிகள். 6 அடி என்பது 72 அங்குலம். 1536-ஐ 72-ஆல் வகுத்தால் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 21 புள்ளிதான் கிடைக்கும். தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்குக்கூட அங்குலத்துக்கு 72 புள்ளி இருந்தால்தான் நிம்மதி. அதாவது 5184-க்கு 3456 புள்ளிகள் வேண்டும். கையில் இருப்பது நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியே பிரின்ட் போட்டால் இட்லியின் ஓரம் பஞ்சு பஞ்சாகத் தெரியும்.

மிட்ஜர்னியில் ‘அப்ஸ்கேல்’ பட்டன் நீள அகலத்தை இரண்டு மடங்காக்கும். 1024 புள்ளிச் சதுரம் 2048 ஆகும். பரவாயில்லை, ஆனால் 6 அடிக்கு அதுவும் போதாது. எனவே எந்த வழியில் வந்த படமாக இருந்தாலும் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்று நடுவில் வேண்டும். அப்ஸ்கேல் (`Upscayl`) என்ற அதே ஓசையுள்ள இலவச மென்பொருள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதில் 4 மடங்கு போட்டால் 1536 புள்ளி 6144 ஆகிறது. 72-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 85. போதும். ஒரே எச்சரிக்கை: பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. உணவும் இலையும் தப்பிக்கும். மனித முகம் மெழுகு பொம்மை போலாகலாம். எழுத்தை இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் மேலே போட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் ‘போட்டோ’வாக அனுப்பினால் எல்லாம் வீண். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், சுருங்காமல் போய்ச் சேரும். திரையில் ஜொலிக்கும் பச்சையும் நீலமும் மையில் கொஞ்சம் மங்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரின்டர் நான்கு மையால் காட்டுகிறது.

காசும் ரகசியமும்

சாட்டில் இலவசக் கணக்குக்கே தினம் சில படங்கள் கிடைக்கும். கூட்டம் அதிகமானால் அந்த எண்ணிக்கை குறையும். மிட்ஜர்னி சந்தா மாதம் 10 டாலரில் தொடங்குகிறது. அதில் பலரும் கவனிக்காத ஒன்று: சாதாரணத் திட்டத்தில் நீங்கள் உருவாக்கும் படங்கள் மற்றவர்கள் பார்வைக்கும் திறந்தே இருக்கும். மறைத்து வைக்க விலை கூடிய திட்டம் வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷனை நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் நிறுவிக்கொண்டால் சந்தாவும் இல்லை, படம் வெளியே போவதும் இல்லை. ஆனால் அமைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவாகும்.

அப்போ எதைப் பிடிப்பது?

நம் டிஃபன் கடைக்காரருக்கு ஒரே ஒரு பேனர்தான் வேண்டும். அவர் தனி டூலுக்கு டாலர் கட்ட வேண்டியதில்லை. சாட்டில் எழுத்தில்லாத பின்னணி ஒன்றை 3:2 விகிதத்தில் வாங்கி, 4 மடங்கு பெரிதாக்கி, தன் கடைத் தட்டின் போட்டோவையும் தமிழ் ஃபான்ட்டில் எழுத்தையும் மேலே வைத்து, ப்ரூஃப் படித்து அனுப்பினால் போதும். பக்கத்து ஃப்ளெக்ஸ் கடை டிசைனர் பெரிதாக்குவது முதல் எழுத்துப் போடுவது வரை பார்த்துக்கொள்வார் என்றால் இன்னும் நல்லது. அந்தக் கை இன்னும் தேவைப்படுகிறது என்பதைத்தான் மேலே உள்ள ஒவ்வொரு பத்தியும் சொல்கிறது.

அதே கடைக்காரர் ஒவ்வொரு திங்களுக்கும் வெள்ளிக்கும் புதுப் போஸ்டர் போடப் போகிறார், எல்லாம் ஒரே ஸ்டைலில், ஒரே வண்ணத்தில் இருக்க வேண்டும் என்றால் தராசு தனி டூல் பக்கம் சாயும். ஒரு படத்தின் ஸ்டைலை அடுத்த படத்துக்குக் கடத்த மிட்ஜர்னியில் `--sref` இருக்கிறது. சாட்டிலோ ஒவ்வொரு முறையும் பழைய படத்தைக் காட்டி, மறுபடி விளக்கி, கொஞ்சம் விலகி வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். டிசைனையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

ஆக, ‘எது பெட்டர்’ என்று கேட்பதைவிட, ‘இதை எத்தனை முறை திருத்துவேன், எவ்வளவு பெரிசாக்குவேன்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விடை ‘ஒன்றிரண்டு முறை, போன் அளவு’ என்றால் சாட். அதைத் தாண்டினால் தனி டூல். தமிழ் எழுத்து மட்டும், இரண்டிலுமே, ஃபான்ட்டின் வேலை.